லிஃப்ட் சுற்றறிக்கை: நையாண்டிப் பத்தியில் ஆளை விட்டுவிட்டு எண்ணத்தை அடிப்பது எப்படி?

காமாட்சி_இதழ்

எங்கள் பகுதி மாத இதழில் 400 சொல்லுக்கு ஒரு நையாண்டிப் பத்தி வரும். இந்த மாதம் வந்திருப்பது அடுக்குமாடி அசோசியேஷன் ஒன்றின் சுற்றறிக்கை வடிவில் இருக்கிறது. வீட்டு வேலை செய்பவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்ற விதியைத்தான் எழுதியவர் கிண்டல் செய்ய நினைக்கிறார். நோக்கம் சரி. ஆனால் படித்தால் ஏதோ இடிக்கிறது. எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. எழுதியவர் அனுமதியோடு நடுப்பகுதியைத் தருகிறேன்:

> நமது செகரெட்டரி ஐயாவின் தொந்திக்கே லிஃப்டில் பாதி இடம் போய்விடுகிறது. மீதியில் வேலைக்கார ஆயாக்களும் ஏறினால் ரோப் அறுந்துவிடாதா? "இன்னா சார், எங்காலு இன்னா ரப்பரா?" என்று முனியம்மாக்கள் கத்தலாம். கத்தட்டும். பாத்திரம் தேய்த்த கையோடு பட்டனை அமுக்கினால் பட்டன் அழுக்காகிறது. "ஐ ஆம் வெரி ஸ்ட்ரிக்ட் பெர்சன் யூ நோ" என்று செகரெட்டரி கர்ஜித்துவிட்டார். ஆகவே 1-ஆம் தேதி முதல் அவர்களுக்கு லிஃப்ட் கிடையாது.

இரண்டு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒருவர் "எந்த அபார்ட்மென்ட்டில் இந்த அநியாயம்?" என்று கேட்டார். இன்னொருவர் "பாவம், அந்தக் குண்டு மனுஷனை ஏன் இப்படி?" என்றார். இரண்டுமே நாங்கள் எதிர்பார்த்த பதில் இல்லை.

ரவி_அம்பத்தூர்

இதில் யோசிக்க ஒன்றுமில்லை மேடம். மேலே கொட்டை எழுத்தில் "நையாண்டி" என்று போடுங்கள், நிஜம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஆள் பெயர் எங்கேயும் இல்லை, அதனால் யாரையும் புண்படுத்தியதாகவும் ஆகாது. தொந்தி ஜோக்கை எடுத்தால் பத்தியில் சிரிப்பே மிஞ்சாது.

மெய்ப்புக்காரர்

ரவி சொல்வதில் பாதி சரி. பெயரை நீக்குவதும் முத்திரை போடுவதும் செய்ய வேண்டியவைதான். ஆனால் அவை கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியது இருக்கிறது.

முதலில் எழுதியவரைக் கேளுங்கள்: கிண்டலே இல்லாமல், நேராக, ஒரே வாக்கியத்தில் இந்தப் பத்தி எதைத் தப்பு என்கிறது? அந்த வாக்கியத்தைத் தாளின் தலையில் எழுதி வையுங்கள். அது வரும்வரை பத்தியைத் தொடாதீர்கள். வரைவைப் படித்தால் என் கண்ணுக்குக் கிடைப்பது இது: "நம் சோற்றுத் தட்டைத் தேய்க்கும் கை லிஃப்ட் பட்டனை மட்டும் தொடக் கூடாது என்பது சுத்தத்தின் பெயரில் நடக்கும் தீண்டாமை."

அடுத்து பென்சிலை எடுத்து ஒவ்வொரு நகைச்சுவைக்கும் கீழே கோடு போடுங்கள். சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். நீங்கள் தந்த பகுதியில் ஐந்து இருக்கின்றன. தொந்தி, செகரெட்டரியின் உடம்பு மேல். ரோப், செகரெட்டரி உடம்போடு வேலை செய்யும் பெண்களின் உடம்பும் சேர்ந்து. ரப்பர் கால், அந்தப் பெண்களின் பேச்சு மேல். ஸ்ட்ரிக்ட் பெர்சன், செகரெட்டரியின் ஆங்கிலம் மேல். பட்டன் ஒன்றுதான் விதியின் மேல் விழுகிறது. ஐந்தில் ஒன்று. உங்கள் இரண்டாம் வாசகர் குண்டு மனுஷனுக்காகப் பரிதாபப்பட்டதில் தப்பே இல்லை. வரைவு அவரை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறது.

சந்தேகம் வரும் இடத்தில் ஆளை மாற்றிப் பாருங்கள். செகரெட்டரியை ஒல்லியான, நுனிநாக்கில் ஆங்கிலம் பேசும் ஓர் அம்மையார் ஆக்குங்கள். தொந்தி ஜோக் செத்துவிடும், ஆங்கில ஜோக்கும் செத்துவிடும். பட்டன் ஜோக் அப்படியே உயிரோடு இருக்கும். ஆள் மாறினால் சாகிற ஜோக் ஆளைப் பற்றியது.

ரவி, தொந்தி போனால் சிரிப்பு போய்விடும் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொந்தி வாசகனுக்குத் தப்பிக்க ஒரு வழி தருகிறது. அதே விதியை ஆதரிக்கும் ஒல்லியான வாசகன், "நான் அவன் இல்லை" என்று நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

சுந்தரம்62

எங்கள் கட்டடம் ஐந்து மாடி. லிஃப்ட் ஒன்றே ஒன்று. காலை 7 முதல் 9 வரை பள்ளிக் குழந்தைகள், ஆபீஸ் போகிறவர்கள், தண்ணீர் கேன், எல்லாம் அதில்தான். அந்த இரண்டு மணி நேரம் மட்டும் வேலை செய்பவர்கள் படியில் வரட்டும் என்று வைத்தோம். அது தவறா? எங்களை எல்லாம் தீண்டாமைக்காரர்கள் என்றால் எப்படி? என்ன விதி வைக்கலாம் என்று யாராவது சொல்லுங்கள்.

மெய்ப்புக்காரர்

சுந்தரம் சார், என்ன விதி வைக்கலாம் என்பது வேறு இழைக்கான கேள்வி. ஒன்று மட்டும் சொல்கிறேன்: நெரிசல்தான் காரணம் என்றால் தண்ணீர் கேனுக்கு நேரம் குறிக்கலாம். வேலை செய்பவர்களுக்கு மட்டும் குறிப்பது நெரிசலைப் பற்றிய விதி இல்லை.

ஆனால் காமாட்சி மேடம், சார் கேட்டதைக் கவனியுங்கள், உங்களுக்கு இது பயன்படும். வரைவு இடம் போதாமையில் தொடங்கி, பட்டன் அழுக்குக்குத் தாவி, கடைசியில் "லிஃப்ட் கிடையாது" என்று முடிகிறது. இடப் பற்றாக்குறை பொய்யான வாதம் இல்லை, உண்மையிலேயே பல கட்டடங்களில் இருக்கிறது. அதையும் சேர்த்துக் கிண்டல் செய்தால் சுந்தரம் சாரைப் போல நியாயம் பேச வருகிறவர்கள் அடி தங்களுக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். பத்தி யாரிடம் போய்ச் சேர வேண்டுமோ அவர்களையே இழந்துவிடுவீர்கள். ஒரு பத்திக்கு ஒரு எண்ணம். இடத்தை விடுங்கள், பட்டனை மட்டும் பிடியுங்கள்.

நூர்_வழக்கு

"பெயர் இல்லை, அதனால் பிரச்சினை இல்லை" என்பதைத் திருத்திவிடுகிறேன், இதை நம்பிப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அவதூறுக்குப் பெயர் தேவையில்லை, யாரைச் சொல்கிறது என்று தெரிந்தவர்களுக்குப் புரிந்தாலே போதும். ஓர் அசோசியேஷனுக்கு ஒரு செகரெட்டரிதான். இதழ் சுற்றுவதோ ஒரே பகுதியில். தொந்தி, ஆங்கிலம் இரண்டையும் சேர்த்தால் அந்தத் தெருவே ஆளைக் கண்டுபிடித்துவிடும்.

இன்னொன்று. இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவில் ஒரு விளக்கம் இருந்தது: குற்றச்சாட்டை நேராகச் சொல்லாமல், புகழ்வதுபோலத் திருப்பிக் கேலியாகச் சொன்னாலும் அவதூறாகலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவிலும் அதே விளக்கம் தொடர்கிறது. "சும்மா கிண்டலுக்கு எழுதியது" என்று சொல்வதாலேயே தப்பிவிட முடியாது.

1987-ல் ஆனந்த விகடன் அட்டை ஜோக்கிலும் யார் பெயரும் இல்லை. எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் பொதுவாகத்தான் சொன்னது. ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அது உரிமை மீறல், அவதூறு வழக்கு இல்லை. அந்தத் தண்டனை தவறு என்றே நான் கருதுகிறேன். பெயரை நீக்குவது மட்டும் கேடயம் ஆகாது என்பதற்காகச் சொன்னேன்.

ரவி_அம்பத்தூர்

பெயர் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "நையாண்டி" முத்திரையை ஏன் இவ்வளவு லேசாகச் சொல்கிறீர்கள்? அது இருந்தால் முதல் வாசகர் குழம்பியிருக்க மாட்டாரே.

மெய்ப்புக்காரர்

தாளில் முத்திரை நிற்கும். வாட்ஸ்அப்பில் நிற்காது. யாராவது முதல் பத்தியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபார்வர்ட் செய்தால் முத்திரை, தலைப்பு, இதழின் பெயர் எல்லாம் வெட்டுப்பட்டுப் போய்விடும். 2002-ல் பெய்ஜிங் மாலை நாளிதழ் ஒன்று அமெரிக்க நையாண்டி ஏடான ஆனியனின் கட்டுரையை நிஜச் செய்தி என்று எடுத்துப் போட்டது. 2012-ல் சீனாவின் மக்கள் நாளிதழ், வடகொரியத் தலைவரைப் பற்றிய அதே ஏட்டின் இன்னொரு கேலியை நம்பி 55 படங்களோடு வெளியிட்டது. அந்த ஏட்டில் வருவதெல்லாம் கேலி என்று ஊருக்கே தெரியும். இருந்தும் வெட்டி எடுத்துப் போனபோது அந்த முத்திரை கூடப் போகவில்லை.

அதனால் இது கேலி என்று காட்டும் குறிப்பு வாக்கியத்துக்கு உள்ளேயே இருக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வழக்கமாக மிகைப்படுத்தினால் போதும், வாசகன் புரிந்துகொள்வான். ஆனால் "வேலைக்காரர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது" என்ற நோட்டீஸ் நிஜமாகவே பல இடங்களில் ஒட்டப்பட்டிருக்கிறது. நிஜமே அவ்வளவு தூரம் போன பிறகு, இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொல்வதில் பயன் இல்லை. "1000 ரூபாய் அபராதம்" என்று எழுதினாலும் நிஜம் என்றே நம்புவார்கள். உங்கள் முதல் வாசகருக்கு நடந்தது அதுதான்.

1702-ல் ஆங்கில எழுத்தாளர் டேனியல் டீஃபோ பெயர் போடாமல் ஒரு துண்டறிக்கை எழுதினார். மாற்றுச் சமயப் பிரிவினரை ஒழிக்க வேண்டும் என்று தீவிர ஆங்கிலிக்கன்கள் பேசியதை அவர்கள் குரலிலேயே இன்னும் உரக்கப் பேசினார். அந்தத் தீவிரர்களில் சிலர் நிஜம் என்று நம்பிப் பாராட்டினார்கள். அவர் காக்க நினைத்தவர்கள் மிரண்டார்கள். 1703-ல் அவரை மூன்று நாள் பொது இடத்தில் தண்டனைக் கட்டையில் நிறுத்தினார்கள். அவர் குரலை உயர்த்தினாரே தவிர, அந்த வாதம் தன்னைத் தானே கடித்துக்கொள்ளும் இடத்தைப் போதுமான அளவுக்குக் காட்டவில்லை என்பது என் கணிப்பு.

அதைக் காட்டுவது எப்படி என்பதற்கு நம் ஒளவையாரே போதும், புறநானூறு 95. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. தொண்டைமானை ஒரு சொல்லால்கூட வையவில்லை. அவன் உடம்பு, பேச்சு, குலம் எதையும் தொடவில்லை. இரண்டு ஆயுதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், முடிந்தது. புகழ்ச்சி எங்கே திரும்புகிறது என்று யாருக்கும் சந்தேகம் வராது, ஏனென்றால் ஒப்பீடு அதே மூச்சில் வந்துவிடுகிறது.

உங்கள் பத்தியில் அந்த இரண்டு ஆயுதங்கள் பட்டனும் தட்டும். பட்டனைத் தொடக் கூடாது என்று சொன்ன அடுத்த வாக்கியத்திலேயே தட்டைத் தொடலாம் என்று வர வேண்டும். நாலாவது பத்தியில் வந்தால் பயன் இல்லை.

இன்னொரு குறை: குரல். "தொந்தி" என்பவர் யார்? கேலி செய்யும் ஆசிரியர். "லிஃப்ட் கிடையாது" என்பவர் யார்? அசோசியேஷன். ஒரே பத்தியில் இரண்டு பேர் மாறி மாறிப் பேசுகிறார்கள். சுற்றறிக்கை என்றால் கடைசி வரி வரை அசோசியேஷனே பேசட்டும், தான் சொல்வதை முழுசாக நம்பிப் பேசட்டும். அது நடுவில் வாசகனைப் பார்த்துக் கண்ணடித்தால் பிடி விட்டுப்போகும்.

செல்வராணி

"முனியம்மாக்கள்" பற்றி யாரும் சொல்லவில்லையே? அந்தப் பெயரை அந்த இடத்தில் ஏன் வைக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். லதா, பிரியா என்று வைத்திருக்க மாட்டார்கள். மெட்ராஸ் பாஷையும் அப்படித்தான். சினிமாவிலும் பத்திரிகையிலும் அந்தப் பேச்சு வந்தாலே சிரிக்க வேண்டும் என்று பழக்கிவிட்டார்கள். விதியை எதிர்க்கிற பத்தியே அவர்களைப் பார்த்துச் சிரித்தால் விதி வைத்தவர்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ரவி_அம்பத்தூர்

ஆனால் "எங்காலு இன்னா ரப்பரா" என்பது நல்ல கேள்விதானே செல்வராணி? அந்த அம்மா கேட்பதுதான் அந்தப் பகுதியிலேயே நியாயமான வரி.

மெய்ப்புக்காரர்

ரவி சொல்வது சரி, நான் அதைக் கவனிக்கத் தவறிவிட்டேன். அந்தக் கேள்வியில் குற்றமில்லை. குற்றம் அதன் முன்னும் பின்னும் இருக்கிறது: "முனியம்மாக்கள் கத்தலாம். கத்தட்டும்." பன்மையில் ஒரு பெயர், பேசுவதைக் கத்துவது என்று சொல்லும் வினைச்சொல். அந்தப் பேச்சில் புத்தி இருந்தால் பேச்சு கேலிப்பொருள் ஆகாது. இந்தச் சுற்றறிக்கையில் அதற்கு இடம் இல்லை என்பதால் எடுத்துவிடலாம் என்பேன். சுற்றறிக்கை எழுதுகிற குழு அவர்களைக் கேட்டிருக்கவே மாட்டாது. அந்த மௌனமும் ஒன்றைச் சொல்கிறது.

காமாட்சி_இதழ்

எல்லோருக்கும் நன்றி. எழுதியவரும் நானும் உட்கார்ந்து மாற்றினோம். தலைப்பு "வேலைக்காரர்களுக்கு லிஃப்ட் தடை" என்று இருந்தது. செய்தி மாதிரி இருக்கிறது என்று "லிஃப்ட் பட்டன்களைக் காப்போம்" ஆக்கினோம். தொடக்கம் இப்படி:

> அன்புள்ள குடியிருப்போருக்கு: நம் லிஃப்டில் உள்ள 7 பட்டன்களின் தூய்மை கருதி, வீட்டு வேலை செய்பவர்கள் வரும் 1-ஆம் தேதி முதல் அவற்றைத் தொடக் கூடாது. நாம் சாப்பிடும் தட்டு, குடிக்கும் டம்ளர், குழந்தையின் பால் புட்டி ஆகியவற்றை அவர்கள் வழக்கம்போலத் தொடலாம். இவை பட்டன் அளவுக்கு நாசூக்கானவை அல்ல என்று செயற்குழு ஒருமனதாகக் கண்டறிந்துள்ளது. சப்பாத்தி மாவு பிசையவும் தடையில்லை. வளர்ப்பு நாய்கள் லிஃப்டில் வழக்கம்போல வரலாம். அவை பட்டனைத் தொடுவதில்லை.

மெய்ப்புக்காரர்

இரண்டாவது வாக்கியத்திலேயே பிடித்துவிட்டீர்கள். முதல் நான்கு வரியை வெட்டி அனுப்பினாலும் இனி யாரும் நிஜம் என்று நம்ப மாட்டார்கள்.

ஒன்று சேர்க்கலாம். அயர்லாந்து எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1729-ல் ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று எழுதிய கட்டுரையில், முடிவுக்குச் சற்று முன், உண்மையான தீர்வுகளை வரிசையாக அடுக்கி, "இவற்றை என்னிடம் பேசாதீர்கள்" என்று தள்ளுவார். ஆசிரியரின் மெய்யான கருத்து அந்த மறுப்பில்தான் வெளியே தெரிகிறது. உங்கள் சுற்றறிக்கையிலும் புத்தியுள்ள யோசனை ஒன்று வந்து நிராகரிக்கப்படட்டும். அது குரலையும் கெடுக்காது, உங்கள் நிலைப்பாட்டையும் காட்டிவிடும். உதாரணமாக:

> பட்டன்களைத் தினம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதாதா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். துடைக்கப் போவது யார் என்ற கேள்வி எழுந்ததும் அந்த யோசனை கைவிடப்பட்டது.

பிறகு மூன்று பேரிடம் முத்திரையும் தலைப்பும் இல்லாமல் கொடுங்கள். "சிரிப்பு வந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் மரியாதைக்கு "வந்தது" என்பார்கள். "இது எதைத் தப்பு என்கிறது?" என்று கேளுங்கள். தாளின் தலையில் எழுதிய வாக்கியத்துக்குப் பக்கத்தில் வந்தால் சரி. ஓர் ஆளின் பெயரோ பதவியோ பதிலாக வந்தால் இன்னும் எங்கேயோ ஆள் மேல் அடி விழுகிறது. நிஜமா கேலியா என்று தடுமாறினால் எந்த வரியில் புரிந்தது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லி, அந்த வரியை மேலே கொண்டு போங்கள்.

செல்வராணி

ஈரத்துணி வரி மனசில் அறைகிறது. ஆனால் நாய் வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறேன். அடி குழுவின் மேல் என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் வேலைக்குப் போகிற ஒரு பெண் இதைப் படித்தால் முதலில் கண்ணில் படுவது தானும் நாயும் அடுத்தடுத்து நிற்பதுதான். அவளுக்கு அது புதுசு இல்லை. உண்மையிலேயே அவளுக்கு நடப்பதைத் திரும்ப அச்சில் காட்டுகிறீர்கள்.

மெய்ப்புக்காரர்

அது நிஜம் என்பதாலேயே நான் வைத்திருப்பேன். நாய்க்கு அனுமதி உண்டு, ஆளுக்கு இல்லை என்பது குழுவின் விதியில் இருக்கும் அசிங்கம். அதை எடுத்தால் குழுவுக்குச் சலுகை செய்வதாகும்.

செல்வராணி

யார் படிக்கிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். உங்கள் ஆள்மாற்றச் சோதனையில் செகரெட்டரியைத்தான் மாற்றினீர்கள். வாசகரை மாற்றிப் பார்க்கவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவராவது வீட்டு வேலை செய்பவராக இருக்கட்டும்.

நூர்_வழக்கு

சட்டப்படி நாய் வரியில் ஆபத்து எதுவும் இல்லை. மற்றது உங்கள் முடிவு. "7 பட்டன்கள்" மட்டும் கவனம்: உங்கள் பகுதியில் 7 பட்டன் உள்ள லிஃப்ட் ஒரே ஒரு கட்டடத்தில்தான் இருக்கிறது என்றால் எண்ணை மாற்றிவிடுங்கள்.

சுந்தரம்62

படித்தேன். பட்டன் விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. நேரக் கட்டுப்பாடு சரிதான் என்றே இன்னும் நினைக்கிறேன், ஆனால் இது என்னைச் சொல்லவில்லை என்று புரிகிறது. எங்கள் நோட்டீஸில் "சுகாதாரம் கருதி" என்று ஒரு வரி இருக்கிறது. அதை யார் போட்டார்கள் என்று விசாரிக்கிறேன்.

காமாட்சி_இதழ்

7 பட்டன் உள்ள கட்டடம் எங்கள் தெருவிலேயே ஒன்று இருக்கிறது, நல்லவேளை சொன்னீர்கள் நூர். "அனைத்துப் பட்டன்கள்" என்று மாற்றிவிட்டேன். நாய் வரி உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நான்கு பேர் படிக்கிறார்கள், இரண்டு பேர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஒருவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும்போது என் குரலிலேயே கிண்டல் தெரிந்துவிட்டால் சோதனை கெட்டுவிடுமே, அதற்கு என்ன செய்வது?

மெய்ப்புக்காரர்

நீங்களும் எழுதியவரும் வாசிக்க வேண்டாம். பத்தியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, கூட்டத்தில் நோட்டீஸ் படிப்பதைப் போல ஒரே சீராக வாசிக்கச் சொல்லுங்கள்.